ஒரு ஜன்னல், நான்கு பரப்புகள்

1970-களில் கணினியில் வரையப்பட்ட முப்பரிமாணப் படங்களை இன்று எடுத்துப் பார்த்தால் ஒன்று உடனே கண்ணில் படும். பந்து, கோப்பை, பூச்சாடி என்று எதை வரைந்திருந்தாலும் அது பிளாஸ்டிக்கில் செய்தது போலவே இருக்கும். செம்பின் நிறத்தைக் கொடுத்தாலும் செம்பு வராது, செம்பு நிறப் பிளாஸ்டிக்தான் வரும். அந்தக் காலத்தில் பெரிதும் புழங்கியது புய் துவோங் ஃபாங் 1975-இல் வெளியிட்ட சூத்திரம். பொருளுக்கு ஒரு நிறம், அதன்மேல் விளக்கின் நிறத்தில் ஒரு பளபளப்புப் புள்ளி என்று அது இரண்டாகப் பிரித்துக் கணக்குப் போட்டது. கணினிக்கு அதற்குமேல் சக்தி இல்லாத நாளில் அது பெரிய சாதனை.

1981-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் குக்கும், இயந்திரப் பொறியியல் பேராசிரியரான கென்னத் டோரன்ஸும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரே பூச்சாடியின் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று செம்பு நிறப் பிளாஸ்டிக், இன்னொன்று செம்பு. வடிவம் ஒன்றே. ஆனாலும் எது உலோகம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் என்பது நிறமற்ற ஒரு அடிப்பொருளுக்குள் சாயத்துகள்கள் கலந்து கிடப்பது. விழும் ஒளியில் ஒரு சிறு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். அது சாயத்தைத் தொடுவதே இல்லை. அதனால்தான் சிவப்பு வாளியின் மேல் தெரியும் பளபளப்பு சிவப்பாக இல்லாமல் வெள்ளையாக இருக்கிறது. மீதி ஒளி உள்ளே போய்ச் சாயத்துகள்களில் மோதி, நிறம் பிடித்து, எல்லாத் திசையிலும் சிதறி வெளியே வரும். உலோகத்தில் இந்த இரண்டாவது வழி அடைபட்டுவிடுகிறது. உள்ளே போகும் ஒளி அங்கேயே உறிஞ்சப்பட்டு முடிந்துபோகும். திரும்பி வருவது முழுக்க மேற்பரப்பில் பட்டது மட்டுமே. செம்பும் தங்கமும் தங்கள் நிறத்தை அந்தப் பிரதிபலிப்பின் மேலேயே ஏற்றி அனுப்புகின்றன.

இன்று விளம்பரப் படம் செய்பவரும் வீட்டு உள்ளலங்காரம் வரைபவரும் இந்தக் கணக்கைத் தாங்களே போடுவதில்லை. டிஸ்னி அனிமேஷன் நிறுவனத்தின் பிரென்ட் பர்லி 2012-இல் ஒரு முறையை விளக்கினார். ‘ரெக்-இட் ரால்ஃப்’ படத்துக்காக உருவான அந்த முறையில் இயற்பியல் எல்லாம் உள்ளே மறைந்திருக்கும். கலைஞர் கையில் சில எண்கள் மட்டும் இருக்கும். பெரும்பாலானவை 0-க்கும் 1-க்கும் நடுவே நிற்கும். இலவச மென்பொருளான பிளெண்டரில் 2017-இலிருந்து இருக்கும் Principled BSDF இந்த வழியில் வந்ததுதான். எண்கள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் எந்த எண் எதற்கு என்று தெரியாமல் நகர்த்தினால் இன்றும் எல்லாம் பிளாஸ்டிக்காகவே முடிகிறது.

ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சமையலறை மேடை. அதன்மேல் வார்னிஷ் அடித்த மரத் தட்டு. தட்டில் ஒரு மின்சாரக் கெட்டில். உடல் பிரஷ் ஃபினிஷ் ஸ்டீல், கைப்பிடி மேட் ஃபினிஷ் கறுப்புப் பிளாஸ்டிக். பக்கத்தில் பாதி தண்ணீருடன் ஒரு கண்ணாடி டம்ளர். இடதுபுறம் ஒரு ஜன்னல். நான்கு பொருளுக்கும் ஒளி அந்த ஒரு ஜன்னலிலிருந்துதான் வருகிறது.

பொருள்களைத் தொடுவதற்கு முன் அந்த ஜன்னலைச் செய்துவிட வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் கறுப்பான வெட்டவெளியில் ஒரே ஒரு சின்ன விளக்கை வைத்துவிட்டு, ஸ்டீல் ஏன் ஸ்டீலாக வரவில்லை என்று பொருளின் எண்களோடு மணிக்கணக்கில் போராடுகிறார்கள். ஸ்டீலுக்குச் சொந்தமாகக் காட்ட எதுவும் கிடையாது. எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். எதிரே இருட்டு இருந்தால் அதுவும் இருட்டுதான். கண்ணாடி அதைவிட மோசம், காணாமலே போய்விடும். ரோலண்ட் ஃபிளெமிங், ரான் டிரோர், எட்வர்ட் ஏடல்சன் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துக் காட்டியது. நிஜ உலகின் ஒளிச்சூழலில் வைத்த பந்தின் பளபளப்பை மனிதர்கள் நன்றாகவே கணிக்கிறார்கள். தனிப் புள்ளி விளக்குபோன்ற செயற்கை ஒளியில் வைத்தால் அந்தக் கணிப்பு மோசமாகிறது.

ஆகவே ஜன்னலை 1.2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் ஒளிரும் பரப்பாக வைத்து, அதன் குறுக்கே சிலுவைபோல் 10 சென்டிமீட்டர் தடிமனில் இரண்டு சட்டங்கள் போடுகிறோம். எதிர்ச் சுவர் மங்கலாக இருக்கட்டும். ஜன்னல் சுவரைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வார்னிஷும் நேராகப் பார்க்கும்போது விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை மட்டுமே மேற்பரப்பில் திருப்புகின்றன. ஜன்னல் சுவரைவிட 100 மடங்கு பிரகாசமாக இருந்தால் அதில் 4 சதவீதம்கூடச் சுவரைப்போல 4 மடங்கு. அப்போதுதான் பிரதிபலிப்பு கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஜன்னலும் சுவரும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாக இருந்தால் பளபளப்பு என்று ஒன்று தெரியவே தெரியாது. அந்தச் சட்டங்கள் அழகுக்காகப் போட்டவை அல்ல. ஒவ்வொரு பரப்பும் அந்தச் சிலுவையை என்ன செய்கிறது என்று பார்த்தாலே பொருள் சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

கெட்டிலின் உடலில் தொடங்குவோம். Metallic 1. இதில் பாதி என்பது கிடையாது. ஒரு பொருள் உலோகம், அல்லது உலோகம் இல்லை. 0.5 வைத்தால் இயற்கையில் இல்லாத ஒன்று கிடைக்கும். (துருவும் தூசியும் படிந்த இடத்தில் உலோகமும் மற்றதும் கலந்து வரும், அது வேறு கதை.) Base Color 0.55-லிருந்து 0.6-க்குள் லேசான சாம்பல். உலோகத்துக்கு இது பூச்சு நிறம் இல்லை, எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்ற அளவு. Roughness 0.3. இதுவரை செய்ததில் கிடைப்பது மங்கலான ஸ்டீல், அவ்வளவுதான். பிரஷ் ஃபினிஷ் இன்னும் வரவில்லை.

பிரஷ் ஃபினிஷ் என்பது ஒரே திசையில் தேய்த்த ஆயிரக்கணக்கான நுண்கோடுகள். கெட்டிலின் உடலைச் சுற்றி அவை கிடைமட்டமாக ஓடுகின்றன. ஒரு கோட்டின் நெடுக்கில் பரப்பு வழவழப்பாக இருக்கும். குறுக்கே போனால் மேடும் பள்ளமும். அதனால் ஒளி கோட்டுக்குக் குறுக்குத் திசையில்தான் அதிகம் சிதறும். கோடு கிடைமட்டம் என்றால் பளபளப்பு மேலும் கீழுமாக இழுபடும். வீட்டில் புது எவர்சில்வர் மூடியோ தட்டோ இருந்தால் அதை ஒரு விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள். கடைசல் கோடுகள் வட்டமாக ஓடும் இடத்தில் ஒளி மையத்திலிருந்து இரண்டு விசிறிகளாக விரிந்து நிற்கும். இப்போது தட்டை அதன் மையத்திலேயே சுழற்றுங்கள். தட்டு சுழலும், விசிறி சுழலாது. வட்டக் கோடுகள் எத்தனை சுற்றினாலும் அதே வட்டங்கள்தானே. விசிறியின் திசையைத் தீர்மானிப்பது விளக்கும் உங்கள் கண்ணும் இருக்கும் இடம்.

பிளெண்டரில் இதற்கான எண் Anisotropic. 0.8 வைக்கலாம். கோடு எந்தத் திசை என்று சொல்ல Tangent என்ற கணுவை Radial, Z என்று வைத்து இணைக்க வேண்டும். எல்லாம் சரி என்றால் கெட்டிலின் மேல் விழும் ஜன்னல் பிம்பம் மேலும் கீழும் நீண்டு பட்டையாகிவிடும். சிலுவையின் கிடைமட்டச் சட்டம் அந்த இழுப்பில் கரைந்து காணாமல் போகும். செங்குத்துச் சட்டம் மட்டும் நடுவே மங்கலான ஒரு கோடாகத் தங்கும். பிம்பம் கோடுகளின் போக்கிலேயே இழுபட்டிருந்தால் திசை தவறு. Anisotropic Rotation-ஐ 0.25 ஆக்கினால் கால் வட்டம் திரும்பிச் சரியாகிவிடும். இந்த எண் வேலை செய்வது Cycles என்ற ரெண்டரில். வேகமான Eevee இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நிறைய பேர் இங்கே கோட்டுப் படம் ஒன்றை மேலே ஒட்டிவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் காட்சிக்கு லேசான கோட்டுப் படம் தேவைதான். ஆனால் மேடை முழுதும் தெரியும் தூரத்தில் நிஜ ஸ்டீலின் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது, இழுபட்ட ஒளி மட்டும்தான் தெரியும். அந்தத் தூரத்திலும் கோடு தெரிகிறது என்றால் அது கோடு போட்ட தாளைச் சுற்றியது போலிருக்கும்.

கைப்பிடி எளிது என்று நினைத்துக் கடைசியில் அவசரமாகச் செய்வார்கள். Metallic 0, Roughness 0.55, IOR 1.5. நிறத்தில்தான் சறுக்குகிறார்கள். கறுப்பு என்றதும் Base Color-இல் 0 போட்டுவிடுகிறார்கள். கரியே விழும் ஒளியில் சில சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. பிளாஸ்டிக்குக்கு 0.03 அல்லது 0.04 வைத்தால் போதும். பூஜ்யம் வைத்த கைப்பிடி படத்தில் ஓட்டை போட்டது போலிருக்கும்.

கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு தனி வசதியும் தொல்லையும் உண்டு. உள்ளேயிருந்து வரும் ஒளி 3 சதவீதம், மேற்பரப்பில் பட்டுத் திரும்புவது 4 சதவீதம். இரண்டும் ஏறக்குறையச் சமம். அதனால் பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பது கறுப்பில் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் உள்ளேயிருந்து வருவது 80 சதவீதம்போல இருக்கும், மேற்பரப்பின் 4 சதவீதம் அதில் மூழ்கிவிடும். ஒரே Roughness எண்ணை வைத்துக் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு கைப்பிடி செய்து பார்த்தால் கறுப்பு அதிகம் பளபளக்கும். எண் தவறு என்று நினைத்து மாற்ற வேண்டாம், நிஜத்திலும் அப்படித்தான்.

மேட் பிளாஸ்டிக்கின் மேல் ஜன்னல் ஒரு மங்கலான வெளிச்சத் திட்டாக மட்டும் தெரிய வேண்டும். சிலுவை தெரியவே கூடாது. ஆனால் கைப்பிடி வளைந்து நம் பார்வையிலிருந்து விலகும் ஓரத்தில் அந்தத் திட்டு கொஞ்சம் வெளுக்கும். பரப்பைச் சாய்வாகப் பார்க்கப் பார்க்கப் பிரதிபலிப்பு கூடும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் எழுதிய விதி. மேட் பரப்பும் அதற்குத் தப்பாது. இன்னொரு விஷயம், அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்குக் கத்திபோன்ற விளிம்பு இருக்காது. வடிவத்தில் அரை மில்லிமீட்டராவது விளிம்பை உருட்டிவிட வேண்டும். அந்த உருட்டலில் ஓடும் மெல்லிய ஒளிக்கோடுதான் கைப்பிடியை வார்த்த பொருளாகக் காட்டுகிறது. இது பொருளின் எண்ணே இல்லை, வடிவத்தின் வேலை. பொருள் சரியில்லை என்று வரும் புகார்களில் பல உண்மையில் விளிம்புப் புகார்கள்.

மரத் தட்டில் இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே மரம், அதற்கு Roughness 0.5 அல்லது 0.6. மேலே நிறமற்ற வார்னிஷ் படலம். மரத்தின் Roughness-ஐ 0.1 ஆக்கினால் வார்னிஷ் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. அப்போது ரேகைகளின் மேடுபள்ளமே பளபளக்கும், ஈர மரம் போலிருக்கும். வார்னிஷ் ரேகைகளின் பள்ளங்களை நிரப்பி, மேலே தனக்கென்று ஒரு சமமான முகத்தை வைத்துக்கொள்கிறது. ரேகை கீழே தெரியும், பிரதிபலிப்பு மேலே நடக்கும், ஒன்று மற்றதைப் பாதிக்காது. பிளெண்டரில் Coat Weight 1, Coat Roughness 0.05. ரேகையின் மேடுபள்ளத்தைக் கீழ்ப்பரப்பின் Normal-இல் மட்டும் இணைத்து, Coat பகுதியில் உள்ள Normal-ஐத் தனியே விட்டுவிட வேண்டும்.

சரியா என்று பார்ப்பதற்குத் தட்டில் விழும் ஜன்னல் பிம்பத்தின் ஓரத்தைப் பின்தொடருங்கள். அந்த ஓரம் ரேகைகளைக் கண்டுகொள்ளாமல் நேராக ஓடினால் வார்னிஷ். ரேகைக்கு ரேகை உடைந்து நடுங்கினால் எண்ணெய் மட்டும் தடவிய மரம். சிலுவை இங்கே தெளிவாகத் தெரிய வேண்டும். பிம்பம் விழும் இடத்திலும் அடியில் மரத்தின் பழுப்பு நிறமும் ரேகையும் தெரிந்துகொண்டே இருக்கும். கையால் பிரஷ் பிடித்து அடித்த வார்னிஷ் கண்ணாடிபோல் தட்டையாக இருப்பதில்லை. மிக மெல்லிய அலை இருக்கும். அந்த அலையை Coat-இன் Normal-இல் மிகக் குறைந்த அளவில் சேர்த்தால் சிலுவையின் சட்டங்கள் லேசாக நெளியும். இந்த ஒரு நெளிவு, தட்டு ஒரு பட்டறையில் கையால் முடிக்கப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. நான்கு பரப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

டம்ளரின் எண்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: Transmission Weight 1, Roughness 0, IOR 1.5, நிறம் வெள்ளை. கண்ணாடி கெட்டுப்போவது பெரும்பாலும் எண்ணால் அல்ல, வடிவத்தால். டம்ளரின் சுவருக்கு வெளிமுகமும் உள்முகமும் வேண்டும், நடுவே இரண்டு மில்லிமீட்டராவது தடிமன் வேண்டும். வெளிமுகம் மட்டும் வரைந்தால் கணினி அதைத் திடமான கண்ணாடிக் கட்டியாக எடுத்துக்கொள்ளும், பின்னால் இருப்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். தண்ணீரைத் தனி வடிவமாக, IOR 1.33 வைத்துச் செய்ய வேண்டும். தண்ணீரின் பக்கம் கண்ணாடியின் உள்முகத்தைத் தொடாமல் நின்றால் நடுவே ஒரு காற்றுப் படலம் வந்து, தண்ணீர் டம்ளருக்குள் மிதக்கும் வெள்ளிக் கட்டிபோல் மினுங்கும். தண்ணீரை மிகச் சிறிது பெரிதாக்கிக் கண்ணாடிக்குள் நுழைத்துவிடுவதுதான் வழக்கமான தீர்வு.

டம்ளரில் அங்கங்கே காரணமில்லாமல் கறுப்புத் திட்டுகள் வந்தால் ஒளி பாதியிலேயே நிறுத்தப்படுகிறது என்று பொருள். தண்ணீர் உள்ள டம்ளரை ஊடுருவிப் போகும் ஒரு கதிர் குறைந்தது நான்கு எல்லைகளைக் கடக்கிறது. காற்றிலிருந்து கண்ணாடிக்கு, கண்ணாடியிலிருந்து தண்ணீருக்கு, மறுபடி கண்ணாடிக்கு, பிறகு காற்றுக்கு. அடிப்பகுதியில் இன்னும் கூடும். Cycles வழக்கமாக 12 தாவல்கள் வரை அனுமதிக்கிறது. வேகத்துக்காக அதை 4 ஆக்கியவர்கள் படத்தில்தான் அந்தத் திட்டுகள் வரும்.

கண்ணாடியை நாம் அதன் ஓரங்களை வைத்துத்தான் பார்க்கிறோம். நடுப்பகுதி பின்னால் இருப்பதைக் காட்டும், ஓரம் ஒளியை வளைத்து அறையின் வேறொரு மூலையைக் காட்டும். அந்த மூலை பின்னணியைவிட இருட்டாகவோ வெளிச்சமாகவோ இருந்தால்தான் டம்ளருக்கு உருவம் கிடைக்கும். ஸ்டூடியோவில் கண்ணாடிப் பொருள்களைப் படமெடுப்பவர்கள் வெளிச்சமான பின்னணி வைத்துவிட்டு இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையை நிறுத்துவது இதற்காகத்தான். நம் காட்சியிலும் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கறுப்புப் பலகையை நிறுத்தினால் டம்ளரின் கோடு எழுந்து வரும். சிலுவை இதில் தெளிவாகவும் மிகச் சிறிதாகவும், முன்சுவரில் ஒன்றும் பின்சுவரில் ஒன்றுமாக ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியும். ஒரு முறை மட்டும் தெரிந்தால் டம்ளருக்கு உள்முகம் போடவில்லை என்று சந்தேகப்படலாம்.

டம்ளரின் நிழல் மட்டும் இன்னும் தீராத தலைவலி. நிஜக் கண்ணாடியின் நிழல் முழு இருட்டு இல்லை. தண்ணீர் ஒளியைக் குவித்து நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சக் கீற்றைப் போடும். அந்தக் கீற்றைக் கதிர் கதிராகக் கணக்கிடுவது மிகவும் மெதுவானது, படமும் புள்ளி புள்ளியாகிவிடும். ஜன்னலைப் பெரிதாக வைத்தால் கீற்று மென்மையாகி அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. சிறிய, கூர்மையான விளக்கு வைத்தால் தப்ப முடியாது.

நான்கும் முடிந்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு, அருகில் இருக்கும் யாரையாவது கூப்பிட்டு எது எதனால் ஆனது என்று கேளுங்கள். நிறம் போன பிறகும் ஸ்டீல், பிளாஸ்டிக், மரம், கண்ணாடி என்று தயங்காமல் சொன்னால் வேலை முடிந்தது. தயங்கினால் எண்களைத் தொடாதீர்கள். முதலில் ஜன்னலின் பிரகாசத்தையும் எதிரே உள்ள இருட்டையும் சரிபாருங்கள், பிறகு விளிம்புகளை, கடைசியாக Roughness-ஐ.